அய்யாவின் அறுபது சொற்கள்

நாலு மணிக்குத் தபால் கட்டிவிடுவார்கள். மணி இரண்டரை. என் ஆய்வுச் சுருக்கத்தை நானே கிழித்துப் போட்டுவிடலாம் போல இருந்தது.

சென்னையில் நடக்கவிருந்த தமிழ்ப் பொருளியல் மாநாட்டுக்கு நூற்றைம்பது சொல்லுக்கு மேல் அனுப்பினால் படிக்காமலே ஒதுக்கிவிடுவார்களாம். நான் எழுதியிருந்தது இருநூற்றைம்பது. இதை விட்டால் அடுத்த மாநாடு எப்போதோ! தஞ்சாவூரில் எங்கள் துறைத் தலைவர் இராஜாங்கம் அய்யா காலையிலேயே சிவப்பு மையால் நூறு சொல்லை அடித்துக் கொடுத்திருந்தார். கணக்கு சரிதான். வெட்டிய இடம்தான் சரியில்லை.

குத்தகைப் பதிவுச் சட்டம் வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. பேர் பதிந்த குத்தகைதாரருக்கு விளைச்சல் கூடியதா என்பதுதான் என் கேள்வி. வலங்கைமான் பக்கம் ஒரே வாய்க்காலில், வரப்பு ஒட்டிய வயல்களை இரண்டிரண்டாக எடுத்தேன். ஒன்று பதிந்தவர் வயல், ஒன்று வாய்மொழிக் குத்தகை. விதை ஒன்றே. ஒவ்வொன்றிலும் ஒரே அளவு இடம் அளந்து, அறுத்து, அடித்து, காயவைத்து எடை போட்டேன். மிராசுதாரின் ஆள் வரப்பில் நின்று முறைத்துக்கொண்டிருப்பான். தண்ணீர் முந்தி வரும் தலைமடையில் பதிந்தவருக்கு ஆறில் ஒரு பங்கு கூடுதல். தண்ணீர் பிந்தி வரும் கடைமடையில் வித்தியாசமே இல்லை.

அய்யா அடித்தது எதை? கடைசியிலிருந்த இருபத்தைந்து சொல் யோசனையை. சரி, ஆய்வு முடிவல்ல, போகட்டும். 'ஆய்வு மேற்கொள்ளப்பட்டது' என்பதை 'ஆய்ந்தோம்' ஆக்கி, இப்படிப் பதினைந்து சொல் மிச்சம் பிடித்திருந்தார். அதுவும் அழகு. மீதி அறுபது? வயல்களை ஜோடி சேர்த்த விதமும், கடைமடையும்! முதல் அறுபது சொல் மட்டும் அப்படியே நின்றது. துறையில் யார் சுருக்கம் எழுதினாலும் முன்னுரை அய்யா எழுதித் தருவார். மேடைத் தமிழ். காவிரித்தாய், காவிரியின் கொடை, காவிரி தந்த புகழ். அதில் கைவைக்க இதுவரை யாருக்கும் துணிவு வந்ததில்லை.

உட்கார முடியவில்லை. நடந்தேன், ஜன்னலைத் திறந்தேன், மூடினேன். பிறகு முன்னுரையை ஒரே கோடாக அடித்து, ஜோடியையும் கடைமடையையும் திருப்பி வைத்தேன். எண்ணினேன். நூற்றைம்பது. புதிதாகத் தட்டச்சு செய்து எடுத்துக்கொண்டு அய்யா அறைக்குப் போனேன். அவர் கையெழுத்து இல்லாமல் அனுப்ப முடியாது.

"என்னம்மா அக்னஸ், என் முன்னுரை எங்க?"

"எடுத்துட்டேங்கய்யா."

"எடுத்துட்டியா! ஜோடி, எடையெல்லாம் கட்டுரையில வரும்மா. சுருக்கத்துல சாரம் போதும்."

 அவர் வெட்டிய தாளை எடுத்து, பதிந்தவருக்கு விளைச்சல் கூடுதல் என்ற வரியை உரக்கப் படித்தேன்.

"அய்யா, ஒரு மிராசுதார் இத மட்டும் கேட்டா என்ன சொல்வாரு?"

அவர் யோசிக்கவே இல்லை. "நல்ல நிலம் வச்சிருந்தவன் பதிஞ்சான், அதான் விளைஞ்சுதுன்னு சொல்வாரு. எங்க மாமாவும் மிராசுதாருதான், தெனம் அதத்தான் சொல்றாரு."

சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அதுக்குத்தாங்கய்யா ஜோடி. ஒரே வாய்க்கால், ஒரே வரப்பு. அந்த வரி இல்லன்னா உங்க மாமா சொல்றதுதான் நிக்கும்."

"சரி, ஜோடி இருக்கட்டும். கடைமடைய எடுத்துடு. என் முன்னுரையில பாதிய வச்சுக்குவோம். உனக்கும் முடிவு பலமா இருக்குமே?"

"பலமா இருக்கும், பொய்யாவும் இருக்கும்." குரல் எகிறிவிட்டது. "அந்தக் கடைமடையில ஒரு வயல் எங்கப்பாவோடதுங்கய்யா. இருதயசாமின்னு தாசில்தார் ஆபீஸ்ல பேரு பதிஞ்சிருக்கு. எடை போட்டப்ப பக்கத்து வயலும் அவரு வயலும் ஒண்ணா நின்னுது. 'பேரப் பதிஞ்சாங்க பாப்பா, தண்ணியப் பதியலியே'ன்னாரு. அன்னிக்கி எனக்கு அழுகையா வந்துது. எல்லாருக்கும் விளைஞ்சுதுன்னு மாநாட்டுல எழுதிட்டு நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வீட்டுக்குப் போவேன்?"

அய்யா இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சுவர்க் கடிகாரம் மூன்றைத் தாண்டியிருந்தது.  திட்டப் போகிறார், கையெழுத்து வராது என்றே நினைத்தேன்.

"முன்னுரையில மூணு எடத்துல காவிரின்னு எழுதியிருக்கேன்" என்றார் மெதுவாக. "கடைமடைக்கு வரலேன்னு ஒரு எடத்துலயும் எழுதல."

பேனா மூடியைத் திருகிக் கழற்றி, என் தாளில் கையெழுத்துப் போட்டார்.

"ஓடும்மா, தபால் கட்டிருவான்."

ஓடினேன்.