ஏழாம் எண் வீராங்கனை

மகுடேஸ்வரன் மைக்கைப் பிடித்தால் மைதானத்தில் சுருண்டு கிடக்கிற நாய்கூட எழுந்து உட்காரும் என்று நெருப்பெரிச்சல் ஊர்ப் பக்கம் சொல்வார்கள். பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். லீவு நாளானால் கபடி வர்ணனையாளர். எந்தப் பள்ளிக்கூடத்தில் போட்டி நடந்தாலும் இவரைத்தான் கூப்பிடுவார்கள். தொண்டை மட்டும் அதற்குக் காரணமில்லை. மனுஷன் எந்தப் பக்கமும் சாயமாட்டார். உள்ளூர் அணி புள்ளி எடுத்தால் எவ்வளவு சத்தமோ, வெளியூர் அணி எடுத்தாலும் அதே சத்தம். நடுவர் கை தூக்குவதற்கு முன்னால் புள்ளி சொல்லமாட்டார். பாடிப் போனவர் எதிரணிக் களத்துக்குள் நிற்கும்போது கப்சிப். பின்னாலிருந்து யார் நகர்கிறார்கள் என்று ஸ்பீக்கரில் சொன்னால் அது ஒரு பக்கத்துக்குத் துப்புக் கொடுத்த கதையாகிவிடும் அல்லவா? பேச்செல்லாம் ஒரு ரெய்டு முடிந்து அடுத்தது தொடங்குகிற இடைவெளியில்தான். அந்த இடைவெளியில் பொறி பறக்கும்.

அத்தனை பேச்சும் மைதானத்தோடு சரி. பக்கத்து ஊரான மண்ணரையில் அவர் குடியிருக்கும் ஒற்றை அறையில் பேச ஆள் கிடையாது. மனைவி கோபித்துக்கொண்டு கணியூரில் தாய்வீட்டுக்குப் போனவள் போனவள்தான். மகள் வர்ஷினியும் அவளோடு போய்விட்டாள். இவர் போன் அடித்தால் மகள் எடுப்பதில்லை. கம்பெனியை விட்டு வந்தபின், "ஒரு டீங்க" என்று கடையில் சொல்வதுதான் பல நாள் அவர் வாயிலிருந்து வருகிற மொத்தப் பேச்சு. ஆயிரம் பேருக்குக் கேட்கிற குரல், ஊட்டுக்குள் ஒரு ஆளுக்கும் கேட்பதில்லை. பாவம்தான், வேறென்ன சொல்ல.

மாவட்ட அளவிலான மாணவியர் கபடி அரையிறுதி அன்று, பி.டி. வாத்தியார் ராபின் இரண்டு அணிகளின் பெயர்களையும் படித்துக் காட்டினார். ஒரு பக்கம் நெருப்பெரிச்சல். இன்னொரு பக்கம் கணியூர்.

"கணியூர்ல ஏழாம் நம்பர் வர்ஷினிங்க. நல்ல ரெய்டர்னு சொல்றாங்க."

 மகள் கபடி ஆடுகிறாள் என்பதே மகுடேஸ்வரனுக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. அவள் உயரமாகிவிட்டிருந்தாள். சுண்ணாம்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று முழங்காலுக்குப் பட்டை மாட்டிக்கொண்டே ஒருமுறை வர்ணனை மேசையைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்துவிட்டாள், சந்தேகமே இல்லை. ஆட்டம் முடிந்து அவள் வந்து ஒரு வார்த்தை பேசினால் போதும், அன்றைய தினத்துக்கு அவருக்கு வேறு எதுவும் வேண்டாம்.

"அது எம்பொண்ணுங்க" என்று ராபினிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் மைக்கை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்களோ என்று பயந்தார். மகள் பேரைச் சொல்லும்போது குரல் குழைந்துவிட்டால் இத்தனை வருஷப் பேர் போய்விடுமே என்று அதற்கு மேல் பயந்தார். பயந்த மனுஷன் எடுக்கிற முடிவு கோணலாகத்தானே இருக்கும்? எல்லாப் பிள்ளைகளையும் பேர் சொல்லிக் கூப்பிடுவது, அவளை மட்டும் எண்ணைச் சொல்லிக் கூப்பிடுவது என்று வைத்துக்கொண்டார்.

"கணியூர் அணியின் ஏழாம் எண் வீராங்கனை பாடி வருகிறார்!"

அவள் இடது ஓரத்தில் ஒருத்தியைத் தொட்டாள். பிடிக்க வந்த இன்னொருத்தியின் கையை உதறிவிட்டு நடுக்கோட்டைத் தொட்டாள். நடுவர் இரண்டு விரல் காட்டினார். "ஏழாம் எண், இரண்டு புள்ளி! பாயும் கால்கள், பதறாத நெஞ்சம்!" கூட்டம் ஆர்ப்பரித்தது. அடுத்த ரெய்டில் நெருப்பெரிச்சல் பெண் போனஸ் கோட்டைத் தாண்டி வந்தாள். அவள் பேரை அதே உச்சத்தில் சொன்னார். தராசு நேராக நிற்கிறது என்று உள்ளுக்குள் ஒரு திருப்தி வேறு.

இடைவேளையில் கணியூர் டீச்சர் மதுமதி மேசைக்கு வந்தார்.

"ஏனுங்க சார், ரெண்டு டீமுலயும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பேரு சொல்றீங்க. எங்க ஏழாம் நம்பருக்கு மட்டும் பேரில்லீங்களா? நெறைய பாயிண்ட் எடுத்தவளே அவதானுங்க."

"இல்லீங்க... தப்புத்தானுங்க. சொல்லீர்றேன்."

"அந்தப் பொண்ணு தண்ணிகூடக் குடிக்காம உக்காந்திருக்குதுங்க. நீங்க பொதுவான ஆளுன்னு கேள்விப்பட்டனுங்க."

அவருக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. சாயக்கூடாது என்று நினைத்து மறுபக்கம் சாய்ந்துவிட்டிருந்தார். அடுத்த ரெய்டிலேயே சொல்லிவிடுவது என்று தீர்மானித்தார். ஆனால் அவள் ஒவ்வொரு முறை பாட வரும்போதும் வாய் தானாக "ஏழாம் எண்" என்றது. நாக்குக்கும் மனசுக்கும் அன்றைக்கு ஒத்துப்போகவில்லை.

கடைசி ரெய்டு வந்தது. கணியூர் ஒரு புள்ளி பின்னால். ஒருத்தியைத் தொட்டுவந்தால் சமன், இரண்டு பேரைத் தொட்டால் வெற்றி. பாட வந்தவள் வர்ஷினி. இப்போதும் சொல்லாவிட்டால் எப்போது?

அவள் நடுக்கோட்டைத் தாண்டும்வரை அவர் வாய் திறக்கவில்லை. எதிரணிப் பெண்கள் ஐந்து பேர் கை கோத்து விரிந்தார்கள். அவள் எதிரணித் தடுப்புக் கோட்டையும் தாண்டி உள்ளே போய்விட்டாள். வர்ணனையாளர் வாயை மூடிக்கொள்ள வேண்டிய நேரம் அது. அப்போது பார்த்து வாய் திறந்தது.

"வர்ஷினி..."

மெதுவாகத்தான் சொன்னார். ஸ்பீக்கருக்கு மெது எது, சத்தம் எது? மைதானம் முழுக்கக் கேட்டது. அவள் திரும்பி மேசையைப் பார்த்தாள். ஒரு மூச்சு நேரம்கூட இருக்காது. ஓரத்தில் நின்ற தரணி என்ற பெண் பாய்ந்து கணுக்காலைப் பிடித்தாள். மற்றவர்கள் மேலே விழுந்தார்கள். நடுவர் விசில் ஊதிக் கை தூக்கினார்.

அதன்பிறகு நடந்ததற்கு அவர் பொறுப்பா, அவர் பழக்கம் பொறுப்பா, எனக்குத் தெரியாது. "அபாரம்! கணுக்கால் பிடி! தரணி, தரணி, தரணி! நெருப்பெரிச்சல் இறுதிப் போட்டியில்!" அன்றைக்கு அவர் போட்ட சத்தத்திலேயே பெரிய சத்தம் அதுதான். அவள் மண்ணில் கிடந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவளே மேசைக்கு வந்தாள். முழங்கையில் மண் ஒட்டியிருந்தது. அவர் மைக்கை ஆஃப் செய்தார்.

"கண்ணு, நீ உள்ள நிக்கறப்ப நான் பேசியிருக்கக் கூடாது சாமி. என்னாலதான் தோத்தீங்க."

"தோத்ததுக்கு வரலீங்கப்பா. திரும்பிப் பாத்தது நாந்தான், அது என் தப்பு." அவள் உதட்டைக் கடித்தாள். "என்னையப் பிடிச்சப்ப எத்தன சந்தோசமாக் கத்துனீங்க."

"மைக்கப் புடிச்சா ரெண்டு பக்கத்துக்கும் ஒண்ணாத்தான் கண்ணு..."

"தெரியுமுங்கப்பா. ஊட்டுலயும் அப்படித்தான இருந்தீங்க. அப்பாயி அம்மாவத் திட்டறப்பெல்லாம் ரெண்டு பேருத்துக்கும் பொதுவா உக்காந்திருப்பீங்க. ஒரு நாளாச்சும் தன் பக்கம் பேசுவீங்கன்னு அம்மா பாத்துட்டே இருந்துச்சு." பையின் வாரை இழுத்துப் பிடித்தாள். "நானும் இன்னைக்கு அதத்தான் பாத்துட்டு இருந்தனுங்க."

அவர் மேசைமேல் கிடந்த பெயர்ப் பட்டியலை நேராக்கி வைத்தார்.  அவள் அதைப் பார்த்துவிட்டுக் கணியூர் வேனை நோக்கி நடந்தாள். எழுந்து ஓடியிருக்க வேண்டாமா இந்த மனுஷன்? நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார்.

"சார், அடுத்த மேட்ச்சுங்க," என்றார் ராபின்.

களத்தில் வேறு இரண்டு பள்ளிகள் வந்து நின்றன. மகுடேஸ்வரன் மைக்கை மறுபடி ஆன் செய்தார். "இரு அணிகளையும் அன்போடு வரவேற்கிறோம்," என்றார், இரண்டு பக்கமும் பார்த்து, கொஞ்சமும் கூடாமல் குறையாமல். கணியூர் வேன் பள்ளிக்கூட கேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.