வல்லிபுரம் மாமாவின் முப்பத்தொரு நாள்

என் கணவர் பிரதாபன் தன் சொந்தச் சித்தப்பாவைச் சாகடித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பிட்டும் சம்பலும் தின்றுகொண்டிருந்தபோது. கையில் பிட்டை வைத்துக்கொண்டே, "பவா, சித்தப்பா செத்திட்டார் எண்டு சொல்லுவம்" என்றார். நான் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தேன். கேட்டதும் கை சுட்டுவிட்டது.

வேலணையில் எங்களுக்கு ஒரு ஹாட்வெயர் கடை. சீமெந்து, கம்பி, பெயின்ற், குழாய், கொமெட், எல்லாம் உண்டு. காசைத் தவிர எல்லாம் உண்டு. இவருக்குச் சாமான் அடுக்கும் றாக்கை வெறுமையாய்க் கிடந்தால் நித்திரை வராது. வெறும் றாக்கை தரித்திரம் என்று இவருடைய அப்பா சொல்லிவிட்டுப் போனாராம். நூறு பைக்கு அஞ்சு பை சும்மா என்று கொம்பனி சொன்னால் இவர் அறுநூறு பை எடுப்பார். கக்கூசில் வைக்கிற கொமெட்டில் ரோஸ் நிறத்தில் ஒரு வகை இருக்கிறது. இந்தத் தீவில் ஒருத்தரும் ரோஸ் கொமெட் கேட்டதில்லை. அதில் பன்னிரண்டு எங்கள் கடையில் வரிசையாய் உட்கார்ந்திருக்கிறது. மாதா மாதம் துடைக்கிறவள் நான்தான்.

கலியாணத்துக்கு முன் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதினவள் என்பதால் இவருக்கு எத்தனையோ தரம் விளங்கப்படுத்தியிருக்கிறேன். எங்கள் சாமான் ஒன்று கடைக்கு வந்தால் விற்கச் சராசரி தொண்ணூறு நாள். விற்றபிறகு கடன்காரர் காசு தர எழுபத்தைந்து நாள். ஆக நூற்று அறுபத்தைந்து நாள். கொம்பனியோ எங்களுக்குத் தருகிற தவணை முப்பது நாள். கழித்துப் பார்த்தால் நூற்று முப்பத்தைந்து நாளுக்கு எங்கள் காசு வெளியில் அலைகிறது. பாதி றாக்கையில், பாதி ஊராரின் சுவரில். அந்த இடைவெளியை அடைக்கத்தான் என் காப்பும் சங்கிலியும் வங்கிக்குப் போயின.

"லாபம் வருதுதானே" என்பார் இவர்.

"ஓம், வருது. கணக்குக் கொப்பியில வருது. காசு போடுற லாச்சியில வரேல்லை" என்பேன் நான்.

இப்போது கொம்பனிக்கு எழுதிக் கொடுத்த பதினாலு இலட்சக் காசோலை அடுத்த கிழமை வெள்ளிக்கிழமை, இருபதாம் தேதி, வங்கிக்குப் போகிறது. கணக்கில் கிடந்தது ஒரு இலட்சமும் இல்லை. காசோலை திரும்பினால் சீமெந்து ஏஜென்சி போய்விடும். ஏஜென்சி போனால் கடை இல்லை. கடை இல்லாவிட்டால் வங்கியிலிருக்கும் என் நகை ஏலத்துக்குப் போகும். இவ்வளவையும் யோசித்து யோசித்துத்தான் மனுசன் பிட்டுக்கு நடுவில் இந்த வழியைக் கண்டுபிடித்திருக்கிறார்.

"செத்த வீட்டில போய் ஆராவது கடன் கேப்பினமே? அந்தியேட்டிக் கிரியை முடியுமட்டும் ஒருத்தரும் வாயே திறக்க மாட்டினம். முப்பத்தொரு நாள் துடக்கு, செத்த வீட்டுத் தீட்டு. கொம்பனிக்குக் குடுக்கிற தவணை முப்பதில இருந்து அறுபத்தொண்டாகும். நீர் சொல்லித் தந்த கணக்குத்தானே!"

இவருடைய சித்தப்பா, எனக்கு மாமா முறையான வல்லிபுரம், நோர்வேயில் தனியே இருக்கிறார். பெண்சாதி பிள்ளை இல்லை. எங்களைத் தவிர ஊரில் ஒருத்தரோடும் கதைக்கிறதில்லை என்றுதான் நினைத்திருந்தோம். பிணத்தைக் காட்டச் சொல்லி ஒருவரும் கேட்க மாட்டார்கள். நான் கத்தினேன், குழறினேன், சட்டியை எறிந்தேன். அதற்குள் இவர் வேலணைச் சந்தியில் கண்ணீர் அஞ்சலி பதாகைக்குச் சொல்லிவிட்டார். அதுவும் கடனுக்கு.

பின்னேரமே சனம் வந்துவிட்டது. கதிரை போதாமல் களஞ்சியத்தில் இறுகிப்போன சீமெந்துப் பைகளை முற்றத்தில் பரப்பினோம். கடற்காத்து பட்டுக் கல்லாய்ப் போனவை. இரண்டு இலட்சத்துக்கு மேல் பெறுமதியான காசின் மேல் ஊரே குந்தியிருந்து வெற்றிலை போட்டது. நான் பைகளை எண்ணி எண்ணித் தலையில் அடித்துக்கொண்டேன். அதைப் பார்த்துவிட்டு, பாவம், மாமனிலே எவ்வளவு பாசம் என்று பெண்டுகள் சொன்னார்கள்.

கொம்பனிப் பிரதிநிதி கிறிஸ்ரி யாழ்ப்பாணத்திலிருந்து மலர்வளையத்தோடு வந்தான். நல்ல பெடியன்.

"அக்கா, யோசியாதேங்கோ. முப்பத்தொண்டு முடியுமட்டும் செக்கைப் போடாமல் வைச்சிருக்கிறன். மேலிடத்தில நான் கதைக்கிறன்."

இவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். செத்த வீட்டில் கண்ணடித்த ஒரே மனுசன் என் புருசனாகத்தான் இருக்கும்.

மூன்றாம் நாள்தான் இந்தத் திட்டத்தின் மற்றப் பக்கம் தெரிந்தது. மாடி வீடு கட்டுகிற நாகமுத்து அண்ணை வந்தார். எண்பதாயிரம் தர இருந்தவர். "தங்கச்சி, காசு மடியிலதான் கிடக்கு. ஆனா துடக்கு வீட்டில கடன்காசு நீட்டுறது முறையில்லை. அந்தியேட்டி முடியத் தாறன்" என்று சொல்லிப்போட்டு மடியைத் தடவிக்கொண்டே போனார். அதற்குப் பிறகு வந்த கடன்காரர் எல்லாரும் அதையே சொன்னார்கள். எவ்வளவு மரியாதையான சனம்! காசு தரவேண்டிய எல்லாரும் மரியாதையானவர்கள்.

கடையும் பூட்டு. துடக்கில் கடை திறக்கிறதா என்று ஊர் கேட்கும். அன்றிரவு நான் இவரை இழுத்து இருத்தினேன்.

"கேளுங்கோ. கடை பூட்டினபடியால் சாமான் விக்க இன்னும் முப்பத்தொரு நாள். தொண்ணூறு நூத்து இருபத்தொண்டாச்சு. கடன்காரர் தர இன்னும் முப்பத்தொரு நாள். எழுபத்தைஞ்சு நூத்து ஆறாச்சு. நீங்கள் மிச்சம் பிடிச்சது கொம்பனியிட்ட ஒரே ஒரு முப்பத்தொண்டு. இரண்டு பக்கத்தால குடுத்துப்போட்டு ஒரு பக்கத்தால வாங்கியிருக்கிறியள். இடைவெளி நூத்து முப்பத்தைஞ்சில இருந்து நூத்து அறுபத்தாறுக்குப் போட்டுது. ஒரு சித்தப்பாவைச் சாக்காட்டி நட்டத்தைக் கூட்டின ஆள் உலகத்திலேயே நீங்கள்தான்."

இவர் விரலை மடக்கி மடக்கிப் பார்த்தார். "அப்ப இன்னொருத்தர் செத்தா?" என்று கேட்டார். நான் எழும்பிப் போய்விட்டேன்.

ஆனாலும் எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. சரவணைக் கோயில் கலியாண மண்டபத்துக்குக் கொடுத்த சீமெந்துக்காசு ஒன்பது இலட்சம். எங்கள் கடனாளிகளில் அதுதான் பெரியது. கோயில் தலைவர் அப்புத்துரை ஐயா நாணயமானவர். நாலாம் நாள் அவர் வந்தார். வந்தவர் வாசற் படலையிலேயே நிலத்தில் விழுந்து, "ஐயோ வல்லிபுரம், என்னை விட்டிட்டுப் போட்டியே!" என்று ஒப்பாரி வைத்தார். சொந்தத் தம்பி செத்தபோதும் மனுசன் இப்படி அழவில்லை. நாலு பேர் பிடித்துத் தூக்கிச் சீமெந்துப் பையில் இருத்தினார்கள்.

"பிள்ளை, உங்களுக்குச் சொல்லாமல் வைச்சிருந்தனான். மண்டபம் முழுக்க உன்ர மாமன்ர உபயம். பெயர்க்கல்லு திறக்குமட்டும் ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது எண்டவர். இந்தக் கிழமை மிச்சக் காசைப் போடுறன் எண்டவர். அவரே போயிட்டார் எண்டா உங்கட சீமெந்துக்காசை நான் எங்கயிருந்து தாறது?"

பிரதாபன் சுவரைப் பிடித்துக்கொண்டார். எங்களுக்குக் காசு தரவேண்டிய கோயில், காசுக்காகப் பார்த்திருந்தது மாமாவைத்தான். மாமாவை என் புருசன் பிட்டுத் தின்றுகொண்டே முடித்துவிட்டார்.

எனக்கு வெட்கம் எல்லாம் போய்விட்டது. "ஐயா, மாமா சாகேல்லை. உயிரோட இருக்கிறார்" என்றேன்.

அப்புத்துரை ஐயா என் தலையைத் தடவினார். "ஓம் பிள்ளை. என்ர மனுசி போனாப் பிறகு நானும் அப்பிடித்தான் சொல்லிக்கொண்டு திரிஞ்சனான். நீர் கொஞ்சம் படுத்து ஆறும்."

"ஐயோ, விசர் இல்லை ஐயா! உண்மையா!"

பெண்டுகள் என்னைப் பிடித்து வெந்தயம் அவித்த தண்ணி பருக்கினார்கள். அவர்களை உதறிவிட்டுக் கைபேசியை எடுத்து நோர்வேக்கு வீடியோக் கோல் எடுத்தேன். ஆறேழு தரம் அடித்தபிறகு மாமாவின் முகம் வந்தது. குல்லா போட்டுக்கொண்டு கோப்பி குடித்தபடி இருந்தார். அப்புத்துரை ஐயா அதைப் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

மாமாவுக்கு முழுக்கதையையும் சொன்னேன். பதாகையையும் காட்டச் சொன்னார். காட்டினேன். கனநேரம் பார்த்தார். "படம் நல்லா வந்திருக்கு" என்றார். பிறகு, "எத்தினை பேர் வந்தவை?" என்று கேட்டார். முற்றத்தைச் சுற்றிக் காட்டினேன். கல்லுப் பைகளில் இருந்த சனம் கையை ஆட்டியது. மாமா மூக்கைத் துடைத்தார்.

"வல்லிபுரம், அப்ப மண்டபக் காசு?" என்றார் அப்புத்துரை ஐயா.

"அது எப்பிடி அண்ணை இப்ப அனுப்புறது? என்ர துடக்கு இன்னும் கழியேல்லையே. செத்த ஆள் கோயிலுக்குக் காசு குடுத்தால் ஊர் என்ன சொல்லும்? முப்பத்தொண்டு முடியட்டும். எட்டாம் நாள் செலவையும் கிரியைகளையும் குறைவைக்காமல் செய்யுங்கோ" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். ஆத்திரத்தில் சொன்னாரா, ஆசையில் சொன்னாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

சனம் கலையவும் இல்லை. ஆள் உயிரோடு இருக்கிறார்தான், ஆனால் அவரே துடக்கு என்கிறார், நாங்கள் யார் இல்லையென்று சொல்ல என்று இருந்துவிட்டார்கள்.

நான் மட்டும் இருக்கவில்லை. கிறிஸ்ரிக்குக் கோல் எடுத்து உண்மையைச் சொன்னேன். சொல்லாமல் முப்பத்தொரு நாளும் ஒளிந்திருக்கலாம்தான். ஆனால் அந்தப் பெடியன் தன் வேலையைப் பணயம் வைத்துக் காசோலையைப் பிடித்து வைத்திருந்தான்.

"அப்ப அக்கா, வாற வெள்ளிக்கிழமை செக் போகும்" என்றான்.

"போகட்டும். நீர் ஒண்டு செய்யும். இறுகாத சீமெந்து எங்களிட்ட நானூறு பைக்கு மேல கிடக்கு. ஆருக்காவது வேணுமே?"

ஊர்காவற்றுறையில் ஒரு கடைக்காரருக்கு வேண்டியிருந்தது. நாங்கள் வாங்கிய விலைக்கு ஒரு சதமும் கூட்டாமல், உடன் காசுக்குக் கொடுத்தேன். மறுநாள் கடையைத் திறந்தேன். துடக்கு வீட்டில் கடை திறந்தவள் என்று பேச்சு வாங்கினேன். கடன் இல்லை, உடன் காசு, விலை குறைப்பு என்று மட்டை எழுதித் தொங்கவிட்டேன். பேசின வாயோடேயே சனம் உள்ளே வந்தது. கம்பி போனது, குழாய் போனது, பெயின்ற் போனது. நாகமுத்து அண்ணையிடம் போய், "மாமாவே வாயால சொல்லிப்போட்டார் தான் சாகேல்லை எண்டு, மடியை அவிழுங்கோ" என்று படலையில் நின்றேன். ரோஸ் கொமெட் பன்னிரண்டையும் நயினாதீவில் விடுதி கட்டுகிற ஒருத்தர் பாதி விலைக்கு அள்ளிப் படகில் ஏற்றினார்.

லாபம் என்று ஒன்றும் இல்லை. சிலதில் நட்டம். வெள்ளிக்கிழமை பின்னேரம் காசோலை காசாகிவிட்டது என்று வங்கியிலிருந்து சொன்னார்கள். நான் கடைப்படியிலேயே இருந்து வாய்விட்டு அழுதேன்.

உள்ளே பிரதாபன் நடுவில் நின்றுகொண்டிருந்தார். நாலு பக்கமும் வெறும் றாக்கை. மனுசனின் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"தரித்திரம் பவா. ஒண்டும் இல்லை. இனி ஆர் வருவினம்?"

நான் இவருடைய கையைப் பிடித்துக் கொண்டுபோய் லாச்சியை இழுத்துக் காட்டினேன். காசோலைக்குக் கட்டியது போக மிஞ்சின நாற்பதினாயிரம் கிடந்தது. இவர் எட்டிப் பார்த்தார். தொடவில்லை.

"இது ஆரின்ர காசு?"

"எங்கட."

"பகிடி விடாதையும். ஆருக்குக் குடுக்க வைச்சிருக்கிறீர்?"

"ஒருத்தருக்கும் இல்லை. எங்கட காசு."

ஒன்பது வருசமாய் ஒரு கடைக்கு முதலாளி. அந்த ஆள் ஒரு நோட்டை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.