நன்றியுரையில் நாலாவது வரி

மைக் சரியாகும்வரை இவாஞ்சலின் நாற்காலியில் காத்திருந்தாள். கைகளில் முழங்கைவரை கண்ணாடி வளையல். கன்னத்தில் பூசிய சந்தனம் காய்ந்து இழுத்தது. பாதம் வீங்கியிருந்ததால் செருப்பைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் தள்ளியிருந்தாள். முந்தாநாள்வரை போடி ஏலக்காய் ஸ்டோரில் நின்று சல்லடை பார்த்த கால்கள். ஒன்பது வருஷ வேலை. இப்போது தரம் பிரிக்கும் அறைக்கு அவள்தான் சூப்பர்வைசர்.

கணவன் விஜய்ராஜ் நன்றியுரை எழுதி மடித்த தாளைக் கொடுத்தான்.

"ஆறு மாச லீவு குடுத்ததுக்கு முதலாளிக்கு ஒரு வரி எழுதுனீகளா?"

"எல்லாம் இருக்கு. பாத்துப் படி, போதும்."

லீவு லெட்டரையும் அவன்தான் எழுதினான். போன வாரம் பைக் டேங்கின் மேல் தாளை வைத்துக் கையெழுத்து வாங்கினான். ஸ்டோர் மூடிவிடும் என்று அவசரப்படுத்தினான். அவள் ஸ்கேன் ரிப்போர்ட்டின் நகலையும் சேர்த்துக் கொடுத்தாள். சம்பளத்தோடு லீவு, பிறகு அதே வேலை. முதலாளி ஞானசிகாமணி வாயால் சொன்னதுதான். "நீ நம்ம சபைப் பிள்ளை. பாத்துக்கலாம்."

அவர் முன்வரிசையில், போதகருக்குப் பக்கத்தில் இருந்தார்.

இவாஞ்சலின் எழுந்து மைக்கைப் பிடித்தாள். வளையல் மைக்கில் உரசிக் கலகலத்தது.

"வளையலே நன்றி சொல்லிருச்சு. சாப்புடப் போவமா?" என்றார் பின்னாலிருந்து ஒருவர். சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

"இம்மட்டும் நடத்தி வந்த கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஜெபித்து ஆசீர்வதித்த போதகர் ஐயாவுக்கு நன்றி. முதல் வளையல் போட்ட அத்தைக்கும், ஏழு வகைச் சாதம் செய்து வந்த அம்மாவுக்கும் நன்றி. நான் வேலையிலிருந்து விலகியதை ஏற்று, அந்த இடத்தை என் நாத்தனார் பியூலாவுக்குக் கொடுத்த..."

நிறுத்தினாள். அந்த வரியை மனதுக்குள் இன்னொரு முறை படித்தாள்.

விஜய்ராஜ் பக்கத்தில் வந்து மைக்கைக் கையால் மூடினான். "பொறவு பிள்ளைய யாரு பாக்குறது? பியூலாவும் சும்மாதான இருக்கா. படி. எல்லாரும் பாக்குறாக."

"லீவுன்னுதான சொன்னீக."

"வீட்டுல பேசிக்கலாம்."

கையை எடுத்தான்.

"...கொடுத்த முதலாளி ஐயாவுக்கு நன்றி."

கைதட்டினார்கள். ஞானசிகாமணி பாதி எழுந்து கும்பிட்டு உட்கார்ந்தார். தாளில் ஒரு வரி மிச்சம் இருந்தது.

"யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் மன்னிக்கவும்."

பந்திக்கு இலை விரித்தார்கள். கூட்டம் அந்தப் பக்கம் நகர்ந்தது. இவாஞ்சலின் உட்கார்ந்தாள். பியூலா வந்து, அவள் கையில் ஏறிப்போயிருந்த வளையல்களை ஒவ்வொன்றாக இறக்கிச் சரிசெய்தாள்.

"மதினி, ரூம் சாவி உங்ககிட்டயா இருக்கு? திங்கக்கிழமை காலையில என்னையத் தொறக்கச் சொன்னாக."

பர்ஸில் ஸ்கேன் ரிப்போர்ட்டுக்கு அடியில் சாவி இருந்தது. எடுத்துக் கொடுத்தாள்.

"சாப்புட வாங்க மதினி. ஆறிரும்."

பியூலா போய்விட்டாள். செருப்பு நாற்காலிக்கு அடியில் கிடந்தது. வயிறு இடித்ததால் குனிய முடியவில்லை. இவாஞ்சலின் காலால் துழாவிக்கொண்டிருந்தாள்.