மஞ்சள் துண்டு

தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. எண்பத்தெட்டில் ராஜமேரி அங்கே பாடம் நடத்தினாள். ஓய்ந்த நேரங்களில் அவள் ஒரு விளையாட்டு எழுதினாள். இரண்டு கிடாய்கள் முட்டிக்கொள்ளும். திரையின் மேலே இரண்டுக்கும் ஒவ்வொரு பச்சை உயிர்ப்பட்டை; அடி வாங்க வாங்க அது குறையும், தீர்ந்தால் தோல்வி.

முதலில் ஆடிப் பார்த்தவள் பாஞ்சாலி. கலெக்டர் ஆபீஸில் டைப்பிஸ்ட், மொரப்பூர்க்காரி, சென்டரில் படிக்க வந்தவள்.

"அடி வுழுந்தா பட்டை சட்டுனு குட்டையாயிடுதுங்க மேடம். எவ்ளோ போச்சுன்னே தெரியல."

நியாயம்தான் என்று ராஜமேரிக்குப் பட்டது. ஒரே வாரத்தில் மாற்றினாள். இப்போது அடி விழுந்ததும் பச்சைப் பட்டை வழுக்கிக்கொண்டு குறைந்தது. அது விட்டுப்போன இடத்தில் ஒரு மஞ்சள் துண்டு அரை நொடி அப்படியே நின்றது. பிறகுதான் பச்சையை எட்டிப் பிடிக்க நகர்ந்தது. போன உயிர் எவ்வளவு என்பதை அந்த மஞ்சள் காட்டியது. இடையில் மறு அடி விழுந்தால் மஞ்சள் மறுபடி அரை நொடி நிற்கும்.

சென்டரின் ஆண்டு விழாவில் போட்டி வைத்தார்கள். கடைசி ஆட்டத்தில் பாஞ்சாலியும் அவளோடு படித்த இண்டூர் தீர்த்தகிரியும் மோதினார்கள். பாஞ்சாலியின் அடியில் தீர்த்தகிரியின் பச்சை முழுவதும் வடிந்தது. மஞ்சள் மட்டும் மிச்சம். ஆட்டம் முடியாததைக் கண்டு அவள் விடாமல் முட்டினாள். அந்த இடைவெளியில் அவனும் ஒரு முட்டு வைத்தான். பாஞ்சாலிக்கு மிச்சமிருந்த கொஞ்ச உயிரும் போயிற்று. தீர்த்தகிரி வென்றதாகத் திரையில் எழுத்து வந்தது.

"அவரு கிடா அப்பவே செத்துப் போச்சுங்க!" என்றாள் பாஞ்சாலி.

கூட்டம் சிரித்தது. ராஜமேரி சிரிக்கவில்லை. நிரலைத் திறந்து வரிவரியாகப் பார்த்தாள். உண்மையான உயிர் ஒரு எண், பச்சை ஒரு எண், மஞ்சள் ஒரு எண். தோற்றதா என்று கேட்கும் வரி உண்மை எண்ணைப் பார்க்காமல் மஞ்சளைப் பார்த்துக்கொண்டிருந்தது. பாஞ்சாலி அடித்த ஒவ்வொரு உபரி அடியும் மஞ்சளை நிறுத்தி வைத்து, செத்த கிடாவை உயிரோடு வைத்திருந்தது. அவளுக்கு விழுந்தது ஒரே முட்டு என்பதால் அவள் மஞ்சள் நிற்காமல் வடிந்து முதலில் தீர்ந்திருந்தது.

"தப்பு என்னோடதுங்க. ஜெயிச்சது பாஞ்சாலி," என்றாள் ராஜமேரி.

தீர்த்தகிரி எழுந்தான். "அதெப்புடிங்க? தெரிஞ்சிருந்தா நானும் வேற மாதிரி ஆடியிருப்பேன். சரி பண்ணுங்க மேடம், மறுபடி ஆடுறோம்."

பாஞ்சாலி கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையாட்டினாள்.

ராஜமேரி அந்த ஒரு வரியை மாற்றினாள். உண்மை உயிர் தீர்ந்த கணமே ஆட்டம் நின்றது. பச்சையும் மஞ்சளும் பிறகு பார்வைக்காக மட்டும் வடிந்தன. மறு ஆட்டத்தில் தீர்த்தகிரியே ஜெயித்தான். கால் பட்டை மிச்சம், சண்டைக்கு இடமில்லை.

பாஞ்சாலி ஜெயிக்க வேண்டும் என்று தான் உள்ளூர நினைத்திருந்தது ராஜமேரிக்கு அப்போதுதான் தெரிந்தது.

"இப்ப சரியாத்தாங்க இருக்குது," என்றாள் பாஞ்சாலி. கைப்பையை எடுத்துக்கொண்டு ஐந்தேகால் பஸ்ஸுக்குப் படியிறங்கினாள்.