துண்டுக்கு அடியில் பெல்ட்

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் கம்பெனிக்கு வெளிநாட்டுப் பங்குதாரர் வந்ததும், பின் சீட்டிலும் பெல்ட் வைத்த புதுக் காரும் கூடவே ஒரு விதியும் வந்தன. உள்ளே இருப்பவர்களில் ஒருவர் பெல்ட் போடாவிட்டாலும் டிரைவர் வண்டியை எடுக்கக் கூடாது.

நிர்வாக மேலாளர் கிறிஸ்துராஜ் முதல் வேலையாகப் பின் சீட்டில் வெள்ளைத் துண்டு விரிக்கச் சொன்னார். துண்டு இல்லாத சீட்டில் உட்கார்ந்தால் மேலாளர் என்று யாருக்குத் தெரியும்? பெல்ட்டும் அதன் கொக்கியும் துண்டுக்கு அடியில் போயின. டிரைவர் வேம்புலி பெல்ட்டைப் போட்டுக்கொள்ளச் சொன்னபோது, சட்டை கசங்கும், நீ ரோட்டைப் பார் என்றார்.

குமணன்சாவடியில் முன்னால் போன லாரி சட்டென்று நின்றது. வேம்புலி பிரேக்கை அழுத்தியும் கார் போய் மோதியது. அவன் பெல்ட் போட்டிருந்தான். நேர் பின்னால் இருந்த கிறிஸ்துராஜ் அப்படியே பாய்ந்து, சீட்டோடு சேர்த்து அவனை ஸ்டியரிங்கில் நசுக்கினார். வேம்புலிக்கு மூன்று விலா எலும்பு போயிற்று. மேலாளருக்கு உதட்டில் ஒரு கீறல். அவரைக் காப்பாற்றியது வேம்புலியின் முதுகு.

அவன் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் கம்பெனி கையில் கொடுத்தது, பெல்ட் போடாதவரை வைத்து வண்டி எடுத்தான் என்று குற்றம் சாட்டும் சார்ஜ் மெமோ. சங்கத்துச் செயலாளர் என்ற முறையில் விசாரணையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தவன் நான், இக்னேஷியஸ். போட மறுத்தவர் யார் என்று கேட்டேன். கிறிஸ்துராஜ் கொஞ்சமும் கூசாமல் சொன்னார்:

"மறுத்தது நான்தான். ஆனா விதிப்படி அவன் வண்டிய எடுத்திருக்கக் கூடாது இல்லையா?"

விசாரணை அதிகாரி தலையாட்டினார். இன்னொரு முறை நடந்தால் வேலை போகும் என்ற எச்சரிக்கையோடு வேம்புலியை மறுபடி வண்டியில் ஏற்றினார்கள். அவனை நம்பி முத்தாபுதுப்பேட்டையில் ஒரு குடும்பமே இருந்தது.

முதல் நாள். சலவை செய்த துண்டு, அதன் மேல் கிறிஸ்துராஜ். வேம்புலி சாவியைத் திருகவில்லை. பெல்ட் போட்டால்தான் வண்டி நகரும் என்று பணிவாகவே சொன்னான். மேலாளர் கதவை அறைந்து சாத்திவிட்டு இறங்கி, ஆட்டோ பிடித்துப் போனார்.

சாயங்காலமே அடுத்த மெமோ வந்துவிட்டது. மேலதிகாரியின் உத்தரவை மீறி வண்டியை எடுக்க மறுத்தானாம். என்ன ஜென்மங்களோ இவர்கள்.

வேம்புலி இரண்டு மெமோக்களையும் சங்க ஆபீஸ் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். விலாவைப் பிடித்துக்கொண்டுதான் அவனால் உட்கார முடிந்தது.

"அண்ணாத்தே, ஓட்னாலும் தப்புன்றாங்கோ, ஓட்டாங்காட்டியும் தப்புன்றாங்கோ. நாளிக்கி காலீல அந்த ஆளு வந்து குந்துவாரு. நான் இன்னா பண்றது?"

இரண்டையும் திரும்பத் திரும்பப் படித்தேன். இரண்டிலும் பெல்ட் போடாதவரின் பெயர் ஒரே இடத்தில்தான் இருந்தது, கீழே மெமோ கொடுத்தவரின் கையெழுத்தில்.