மூன்று தர்பூசணியும் ஒரு ஹெல்மெட்டும்

"எமன் இல்லாம பாதுகாப்பு வார நாடகமா? எங்கேயாவது உண்டாம்மா?"

காபி டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு ராமசுவாமி நிமிர்ந்தார். தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரி. நல்ல மனிதர்தான். ஆனால் மூன்று வருஷமாக மார்ச் மாதம் பிறந்தால் ஒரே நாடகம். பஞ்சு மீசையோடு எமன் வருவான், ஸ்கூட்டர்காரனைப் பாசக்கயிறு போட்டு இழுப்பான், காலனி ஹால் சிரித்து உருளும். முடிந்ததும் அத்தனை பேரும் வெளியே போய், வெறும் தலையோடு வண்டியை உதைத்துக் கிளப்புவார்கள்.

"எமன் வந்தா எல்லாரும் எமனைப் பார்க்கறா சார். தலையை யாரும் பார்க்கறதில்லை" என்றாள் நீலா. அவருடைய பிரிவில் ஸ்டெனோ. "இந்தத் தடவை நான் எழுதினதுதான் நடக்கும். எமன் கட்டாயம் வேணும்னா வேற யாரையாவது எழுதச் சொல்லுங்கோ."

ராமசுவாமி அவளை ஒரு கணம் பார்த்தார். ஸ்டெனோ இப்படிப் பேசி அவர் கேட்டதில்லை.

"சரி, விடுங்க. ஆனா கடைசியில 'தலைக்கவசம் உயிர்க்கவசம்'னு ஒரு வாசகம் வந்துடணும். ஜி.எம். முன் வரிசையில உட்காருவார்."

"கடைசி வசனம் என்னோடது சார். அதை மேடையிலதான் சொல்லுவேன்."

அவள் இப்படி முரண்டு பிடிப்பதற்குக் காரணம் இருந்தது. காரணத்தின் பெயர் நடேசன்.

மெஷின் ஷாப் ஃபிட்டர். ஜனவரியில், நாச்சாரம் திருப்பத்தில் குறுக்கே வந்த எருமைக்காக பிரேக் அடித்தவர், ஸ்கூட்டரோடு பக்கவாட்டில் சாய்ந்தார். தலையில் தொப்பி இருந்தது. தொழிற்சாலையில் கொடுக்கிற மஞ்சள் தொப்பி. அறிக்கை தயாரிக்க நீலாதான் விவரம் சேகரித்தாள். செக்யூரிட்டி அறையில் அந்தத் தொப்பியை வைத்திருந்தார்கள். ஒரு கீறல் இல்லை. 'என்ன ஸ்ட்ராங் பாருங்க' என்று கேன்டீனில் மெச்சிக்கொண்டார்கள். கீறல் எப்படி இருக்கும்? தலை ரோட்டைத் தொடுவதற்கு முன்பே அது கழன்று போய்விட்டது. நடேசனுக்கு இன்றைக்கும் ஸ்பூனைக் காட்டினால் அதன் பெயர் நினைவுக்கு வருவதில்லை.

'ஹெல்மெட் இல்லாத வண்டி கேட்டுக்குள் வரக் கூடாது' என்று போன வருஷம் உத்தரவு வந்தது. கேட்டில் நிற்பவர்கள் தலையில் ஏதோ இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்கள். மஞ்சள் தொப்பிக்குக் காசு கிடையாது, ஸ்டோர்ஸில் கையெழுத்துப் போட்டால் போதும். ஆகவே காலை ஷிஃப்டில் பார்த்தால் ரோடெல்லாம் சாமந்திப் பூ பூத்த மாதிரி மஞ்சள் தலைகள்.

அந்தச் சாமந்திகளில் ஒன்று நீலாவின் கணவன் சுந்தரேசன்.

அதே மெஷின் ஷாப்பில் ஃபோர்மன். நடேசனைத் தூக்கி வண்டியில் ஏற்றியவர்களில் அவனும் ஒருவன். அதற்கப்புறமும் மஞ்சள் தொப்பிதான். நீலா ஆபிட்ஸ் கடைத்தெருவுக்குப் போய் ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்ட நல்ல ஹெல்மெட்டாக வாங்கி வந்தாள். அது ஸ்கூட்டரின் முன் கொக்கியில் தொங்கி ஊர் சுற்றிப் பார்த்தது. நீலா பின் சீட்டில் இருந்தால் மட்டும் தலைக்கு ஏறும், வார் இரண்டு பக்கமும் ஆடும்.

"கழுத்தைக் கட்டினா எனக்கு மூச்சு முட்டறது நீலா" என்பான்.

அழுது பார்த்தாள். இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. மனைவி சொன்னால் மசியாதவன், கைதட்டலுக்கு மசிவான் என்பது அவளுக்குத் தெரியும். காலனித் தமிழ்ச் சங்கத்தில் மூன்று வருஷமும் எமன் அவன்தான்.

"ஸ்கூட்டர்காரன் வேஷம் நீங்கதான்" என்றாள். "பெயர் பத்ரி. நான் உங்க ஆத்துக்காரி கல்பகம்."

"நிஜத்துலேயும் நீதானே ஆத்துக்காரி. நடிப்புக்கு என்ன வேலை?" என்று சிரித்தான். "ஒண்ணு சொல்லிடறேன். எழுதிக் கொடுத்ததை அப்படியே ஒப்பிக்க மாட்டேன்."

எழுதிக் கொடுத்த வசனத்தை அவன் அப்படியே சொன்னதாகச் சரித்திரம் கிடையாது. அதுதான் அவளுக்குப் பயம். எந்தக் கனமான வார்த்தையையும் கடைசி நிமிஷத்தில் ஜோக்காக்கிவிடுவான்.

சனிக்கிழமை சாயங்காலம் ஹால் நிரம்பி வழிந்தது. மேடையில் சுந்தரேசனின் ஸ்கூட்டரே ஸ்டாண்டு போட்டு நின்றது. பக்கத்தில் தரையில் ஒரு சிமென்ட் பலகை. ஸ்கூட்டர் சீட்டில் ஒரு ஆள். காக்கி யூனிஃபாரத்துக்குள் மெஷின் துடைக்கிற கழிவுப் பஞ்சை அடைத்து, முதுகுக்கு ஒரு மூங்கில் கொடுத்து, தலைக்குக் கயிற்று வலையில் ஒரு தர்பூசணி. இன்னும் இரண்டு பழங்கள் திரை மறைவில் இருந்தன. ஒன்று நாடகத்துக்கு, ஒன்று தவறிப் போனால் மாற்றுக்கு.

கேட் செக்யூரிட்டியாக வந்தான் ஜேம்ஸ். லாலாகூடா ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்தவன்; தமிழோடு உருதுவும் கலந்துதான் பேசுவான்.

"ஹெல்மெட் கைக்கு நக்கோ சாப்? ஏன் போடலை? கேட்டுக்கு அந்தர் போணுமா வேணாமா?"

"ஹவ் ஹவ், போணும்பா" என்று சுந்தரேசன் பையிலிருந்து மஞ்சள் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டான். "இது என்ன, இட்லிப் பானையா?"

ஹால் சிரித்தது. அப்புறம் அவன் ராஜ்ஜியம்தான். ஹெல்மெட் போட்டால் முடி கொட்டும் என்றான். தன் வழுக்கையைத் தடவி, "கொட்டினதுக்கு அப்புறம் போட்டு என்ன பிரயோஜனம்?" என்றான். மார்ச் வெயிலில் ஹெல்மெட் போட்டால் உள்ளே மூளை குக்கரில் வைத்த பருப்பு மாதிரி மூன்று விசில் விடும் என்றான். பின்னால் ஆத்துக்காரி பேசுவது காதில் விழாது என்பது ஒன்றுதான் அதில் லாபம் என்றபோது ஜி.எம்.மே குலுங்கினார்.

நீலா காத்திருந்தாள். பிறகு மஞ்சள் தொப்பியை வாங்கிப் பொம்மையின் தலையில் வைத்தாள்.

"ஏன்னா, இது யாரு?"

"என் ஒண்ணுவிட்ட தம்பி. பார்த்தா தெரியலை? குடும்ப முகம்."

ஸ்டூல் மேல் ஏறி நின்று ஒரு பெரிய இரும்பு நட்டைத் தொப்பியின் உச்சியில் போட்டாள். நட்டு துள்ளி விழுந்தது. பழத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

"பார்த்தேளா" என்று சுந்தரேசன் சபையைப் பார்த்துக் கையை விரித்தான். "நான் சொன்னேனா இல்லையா?"

"உள்ளே நாடா வலை இருக்கு. மேலேர்ந்து விழற அடியை அது வாங்கிக்கும். ஷாப்புல கிரேனுக்குக் கீழே நிக்கறவாளுக்குன்னு செஞ்சது" என்றாள் நீலா. "ரோட்டுல உங்க மேல எதுவும் விழறதில்லை. நீங்கதான் விழறேள்."

ஜேம்ஸ் பொம்மையைப் பக்கவாட்டில் தள்ளினான். பாதி வழியிலேயே மஞ்சள் தொப்பி தனியாகக் கழன்று ஓடியது. பழம் சிமென்டில் விழுந்து பிளந்தது. "அய்யோ தம்பி" என்று சுந்தரேசன் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொள்ள, சிரிப்பு கூரையைத் தொட்டது.

ஜேம்ஸ் இரண்டாவது பழத்தைப் பொருத்தினான். நீலா ஆபிட்ஸில் வாங்கிய ஹெல்மெட்டை நீட்டினாள். எழுதிய பிரகாரம் சுந்தரேசன் அதைப் பொம்மைக்கு மாட்டி, வாரைப் பூட்ட வேண்டும்.

அவன் மாட்டினான். வாரைப் பூட்டவில்லை.

"கழுத்தைக் கட்டினா தம்பிக்கு மூச்சு முட்டும்" என்று சபையைப் பார்த்துக் கண்ணடித்தான். வார் இரண்டு பக்கமும் ஆடியது.

நீலாவின் கை வாரை நோக்கிப் போனது. பாதியில் நின்றது. அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போகிற சுந்தரேசன்தான் அங்கே பொம்மையாகச் சீட்டில் உட்கார்ந்திருந்தான். சரி, அப்படியே விழட்டும்.

"தள்ளு ஜேம்ஸ்."

பொம்மை சரிந்தது. ஹெல்மெட் முன் பக்கமாக உருவிக்கொண்டு மேடை ஓரத்துக்கு உருண்டது. அதற்குப் பின்னால் பழம் சிமென்டில் மோதிய சத்தம் கடைசி வரிசை வரை கேட்டது. சிலர் சிரித்தார்கள். சுந்தரேசன் ஒரு அடி பின்வாங்கினான். சிவப்புச் சாறு அவன் செருப்பு வரை வந்திருந்தது.

"மூணாவது பழம் இருக்கு" என்றாள் நீலா. "இந்தத் தடவை நீங்களே பூட்டுங்கோ."

குனிந்து பூட்டினான். அவள் பக்கத்தில் வந்து, வாருக்கும் கயிற்று வலைக்கும் நடுவில் விரலை நுழைத்துக் காட்டினாள்.

"இவ்வளவு இடம் போதும். இதுக்கு மேல தொளதொளன்னு இருந்தா கழண்டுடும். தலையை ஆட்டினா ஹெல்மெட்டும் கூடவே ஆடணும், தனியா ஆடப்படாது."

பொம்மை விழுந்தது. இந்த முறை 'டொக்' என்று அடங்கின சத்தம். ஜேம்ஸ் பழத்தை வெளியே எடுத்து உயர்த்திக் காட்டினான். முழுசாக இருந்தது. கைதட்டல் எழுந்தது.

நீலா ஹெல்மெட்டைக் கவிழ்த்து முன் வரிசைக்குக் காட்டினாள். வெளியே ஒரு கீறல். உள்ளே துணியை விலக்கினால், தெர்மோகோலில் ஒரு பக்கம் கட்டைவிரல் புதைகிற பள்ளம்.

"வெளி ஓடு அடியைப் பரப்பறது. இந்தத் தெர்மோகோல் நசுங்கி அடியை வாங்கிக்கறது. மண்டை நசுங்கறதுக்குப் பதிலா இது நசுங்கித்து. நசுங்கினது திரும்ப உப்பாது. அதனால இந்த ஹெல்மெட்டுக்கு வேலை முடிஞ்சது. பார்க்கப் புதுசா இருந்தாலும் இதை இனிமே யாரும் போடப்படாது."

சுந்தரேசனுக்கு மறுபடி தெம்பு வந்துவிட்டது. இடுப்பில் கை வைத்துக்கொண்டான்.

"நன்னாயிருக்கு. பழத்துல மாத்து வாங்கத் தெரிஞ்சவளுக்கு ஹெல்மெட்டுல மாத்து வாங்கத் தெரியலையே?"

இது நாடகத்தில் இல்லை. ஹால் வெடித்துச் சிரித்தது. மேடை ஓரத்தில் ராமசுவாமி, வாசகத்தைச் சொல்லும்படி உதட்டை அசைத்தார். நீலா ஒரு வசனம் தயார் செய்து வைத்திருந்தாள். நாலு நாள் யோசித்து எழுதியது. அதை விட்டுவிட்டாள். ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி, சிரிப்பு அடங்கும் வரை நின்றாள்.

"பழம் உடைஞ்சா இன்னொண்ணு வேணுமேன்னு மூணு வாங்கினேன்" என்றாள். "நீங்க எனக்கு ஒருத்தர்தான்."

எல்லாரும் சுந்தரேசனைப் பார்த்தார்கள். அவன் கண் சிமென்ட் பலகைக்குப் போனது. அங்கேயே நின்றது.

ஜேம்ஸ் திரையை இழுத்தான்.

வெளியே வண்டிகள் நின்ற இடத்தில் வழக்கமான உதைச் சத்தம் உடனே எழும்பவில்லை. யாரோ கொக்கியிலிருந்து ஹெல்மெட்டை எடுத்துத் தூசி தட்டினார்கள். மஞ்சள் தொப்பி வைத்திருந்த ஒருவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பைக்குள் போட்டார்.

மேடையிலிருந்து இறக்கிய ஸ்கூட்டரைச் சுந்தரேசன் உருட்டிக்கொண்டு வந்தான். நீலா பின்னால் நடந்தாள். வீட்டுக்குப் போகிற வழியில்தான் நாச்சாரம் திருப்பம். அவன் உதைக்கப் போகிறான், வெறும் தலையோடு, நானும் ஏறி உட்காரப் போகிறேன் என்று அவள் நினைத்தபோது, அவன் சுவர் ஓரமாக வண்டியை நிறுத்திப் பூட்டினான். சாவியை ஜேம்ஸின் கையில் கொடுத்தான்.

"பஸ்ஸுல போலாம் நீலா" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல். "திங்கட்கிழமை ஆபிட்ஸ் போய் ரெண்டு ஹெல்மெட் வாங்கணும். உனக்கும் ஒண்ணு. அதுக்கப்புறம்தான் வண்டியைத் தொடுவேன்."