வாலுக்குக் கீழே ஒரு புள்ளி

நாமக்கல்லில் ஒருவர் புதிதாக டாக்டரானாலும் வக்கீலானாலும், வாசலில் போர்டு மாட்டுவதற்கு முன்னால் பரமத்தி ரோட்டில் இருக்கும் தேவிப்ரியாவின் டிடிபி கடைக்கு ஒரு நடை வந்துவிடுவார். லெட்டர்பேடும் ரப்பர் ஸ்டாம்பும் எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும். கையெழுத்துக்குத் தேவிப்ரியாதான். பத்தாம் வகுப்பில் மார்க் ஷீட் வாங்கும்போது போட்ட கோழிக்கிறுக்கலையே இருபத்தெட்டு வயதுவரை இழுத்துக்கொண்டு வருகிறவர்களை உட்காரவைத்து, பெயருக்கும் கைக்கும் பொருந்துகிற மாதிரி ஒன்றை உருவாக்கிக் கொடுப்பாள். பிறகு அதை ஸ்கேன் செய்து, வெள்ளையை நீக்கி, எந்தக் காகிதத்தின் மேலும் போய் உட்காருகிற மாதிரி ஃபைலாக்கித் தருவாள்.

அவள் புருஷன் தனசேகர் போய்ச் சேர்ந்து பதினான்கு மாதம் ஆகிவிட்டது. ஒன்பது மணிக்குக் கடை திறக்கிறாள், எட்டு மணிக்குச் சாத்துகிறாள். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கிறாள். சோற்றில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று மகள் சொன்னால்தான் தெரிகிறது. பல் பிடுங்கப் போட்ட ஊசியின் மரப்பு இறங்காமலே நின்றுவிட்ட மாதிரி இருந்தாள். அழவும் இல்லை. ஊரில் அதற்கும் ஒரு பேச்சு இருந்தது, அதுவும் அவளுக்கு உறைக்கவில்லை.

அன்றைக்குத் திங்கட்கிழமை. ரமேஷ்குமார் ஒரு இளம்பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஊரில் மூன்று கிளை வைத்திருக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை லேபுக்கு அவர் மேனேஜர். ரிப்போர்ட் கவரிலிருந்து காலண்டர்வரை லேபின் அச்சு வேலை முழுக்க இந்தக் கடைக்குத்தான் வரும். அவள் வீட்டு அடுப்பு பாதி அவரால்தான் எரிகிறது என்று சொன்னாலும் தப்பில்லை.

"தேவி, இவங்க டாக்டர் ஜெயப்பிரியா. ராசிபுரத்துக்காரங்க. எம்.டி. பேத்தாலஜி முடிச்சுட்டு நம்ம லேபுக்கு வந்திருக்கறாங்க. ஒரு நல்ல கையெழுத்தாப் பண்ணிக் குடு. ஃபைல என் வாட்ஸ்அப்புக்கே போட்டுடு" என்றவர், போன் அடிக்கவும் வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார்.

"இதுவரைக்கும் எப்படிங்க போட்டுட்டு இருந்தீங்க?" தேவிப்ரியா கோடில்லாத வெள்ளைத் தாளை நீட்டினாள்.

ஜெயப்பிரியா, கே. ஜெயப்பிரியா என்று ஆங்கிலத்தில் முழுப்பெயரையும் ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். "ஸ்கூல் புள்ள மாதிரி இருக்குதுல்லைங்கக்கா? எங்கப்பா தறிக்கு நூல் எடுத்துட்டு வர்ற சீட்டுல போடுற கையெழுத்துகூட இதைவிட ஜோரா இருக்கும்."

"மோசமில்லைங்க. ஆனா எவன் வேணா இதைப் போட்டுருவான். பேங்கிலயும் பான் கார்டுலயும் இதுதானுங்களே இருக்குது? புதுசு முடிவானதும் அங்கெல்லாம் மாத்தி எழுதிக் குடுத்துருங்க. இல்லீன்னா செக்கு திரும்பும்."

ஒன்றரை அங்குல அகலம், அரை அங்குல உயரத்தில் இருபது கட்டங்கள் போட்டாள். ரிப்போர்ட்டின் அடியில் கிடைக்கிற இடம் அவ்வளவுதான். பெரிதாகப் போட்டுச் சுருக்கினால் கோடு நூலாகிவிடும், சின்னச் சுழியெல்லாம் மையில் அடைந்துவிடும். கறுப்பு ஜெல் பேனாவைக் கொடுத்து, முதல் எழுத்திலிருந்து கையை எடுக்காமல் அடுத்ததுக்குப் போகச் சொன்னாள். "முன்னாடி ரெண்டு எழுத்து படிக்கற மாதிரி இருக்கட்டும். மத்ததெல்லாம் ஓடட்டுங்க. வாலை மட்டும் கீழே இழுக்காதீங்க, டைப் அடிச்ச பேர் மேல விழும்."

ஏழாவது கட்டத்தில் கை பழகியது. பதினொன்றாவதில் டாக்டருக்கே சிரிப்பு வந்தது. இருபது முடிந்ததும் தாளைத் தூரப் பிடித்துப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்குது. ஆனா ஒண்ணு மாதிரி ஒண்ணு வர மாட்டேங்குதுங்களே அக்கா."

"வராதுங்க. மனுஷன் கை போட்டா ரெண்டு கையெழுத்து அச்சா ஒத்துப் போகாது. ஒத்துப் போச்சுன்னாத்தான் பயப்படணும்."

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். எத்தனையோ பேருக்கு ஃபைல் கொடுத்திருக்கிறாள், யாரிடமும் அவள் இதற்கு மேல் பேசியதில்லை. ஆனால் இந்தப் பெண் வந்திருப்பது, முன்பு அவள் ஃபைல் செய்து கொடுத்த டாக்டர் கலையரசனின் அதே நாற்காலிக்கு. தேவிப்ரியா மேசை டிராயரைத் திறந்து இரண்டு காகிதங்களை எடுத்தாள். இரண்டும் அதே லேபின் ரிப்போர்ட், ஒரே தேதி. ஒன்று அவளுடைய சுகர் டெஸ்ட். இன்னொன்று தனசேகரின் ரத்தப் பரிசோதனை. ஒன்றின் மேல் ஒன்றை வைத்து டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தாள். அடியில் இருந்த டாக்டர் கலையரசன் கையெழுத்துகள் இரண்டும் ஒரே கையெழுத்தாகிவிட்டன. வாலுக்குக் கீழே ஒரு பொட்டுப் புள்ளி இருந்தது. அதுவும் அதன் மேலேயே போய் உட்கார்ந்தது.

"இந்தப் புள்ளி நான் விட்டதுங்க. ஸ்கேனர் கண்ணாடியில தூசி. அழிக்க மறந்துட்டேன்" என்றாள்.

வாய்ப்பாடு ஒப்பிக்கிற குரலில் மீதியையும் சொன்னாள். தனசேகர் போர்வெல் ரிக் வண்டி டிரைவர். ஆந்திராவுக்கு ஓட்டிப் போனவன் காய்ச்சலோடு திரும்பினான், ஈறில் ரத்தம் கசிந்தது. ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்ததாகவும், அணுக்கள் இயல்பாக இருப்பதாகவும் ரிப்போர்ட் சொல்லிற்று. அதை நம்பி இருபது நாள் காய்ச்சல் மாத்திரை தின்றான். கோயமுத்தூருக்குக் கொண்டுபோனபோது ரத்தப் புற்றுநோய் என்றார்கள். முன்னமே வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார்கள். நான்காம் நாள் முடிந்துவிட்டது. வாரிசு சான்றிதழுக்குக் காகிதங்களை ஜெராக்ஸ் போடும்போதுதான் அந்தப் புள்ளி கண்ணில் பட்டது. கலையரசனுக்குப் போன் போட்டாள். அவர் அந்த லேபை விட்டுப்போய் அப்போதே வருஷம் நெருங்கியிருந்தது. தனசேகர் ரத்தம் கொடுத்த அன்றைக்கு அவர் பாண்டிச்சேரியில் இருந்திருக்கிறார்.

"அந்தக் கண்ணாடியை யாருமே பார்க்கலீங்களா?" ஜெயப்பிரியாவின் குரல் இறங்கிவிட்டது.

"கையெழுத்துத்தான் பார்த்துச்சு."

"நீங்க யாருகிட்டயும் சொல்லலையா அக்கா?"

"என்னன்னுங்க சொல்றது? ஃபைல் பண்ணுனதே நான்தானே."

ரமேஷ்குமார் உள்ளே வருவதற்குள் டாக்டர் அந்த இருபது கட்டத் தாளை நான்காக மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். பேரும் பதிவு எண்ணும் போட்ட ரப்பர் ஸ்டாம்ப் மட்டும் போதும், கையெழுத்தைத் தானே போட்டுக்கொள்வதாகச் சொன்னாள். "மூணு கிளைங்க டாக்டர், தெனமும் இருநூறு ரிப்போர்ட்!" என்று ரமேஷ்குமார் சிரித்தார். "பார்த்த வரைக்கும் போடுறேனுங்க" என்று அவளும் சிரித்தாள். அவர் தேவிப்ரியாவைப் பார்த்தார். அவள் ஸ்டாம்புக்கு எழுத்து அடிக்கத் தொடங்கியிருந்தாள். சொல்லிவிட்டோமே என்ற பயமோ நிம்மதியோ எதையாவது எதிர்பார்த்தாள். ஒன்றும் வரவில்லை.

வியாழக்கிழமை காலையில் ரமேஷ்குமார் தனியாக வந்தார். கையில் டாக்டர் வேலையில் சேர்ந்தபோது நிரப்பிக் கொடுத்த படிவம்.

"இதுல கீழ அந்தம்மா கையெழுத்து இருக்குது பாரு. வெட்டியெடுத்து வெள்ளைய நீக்கிக் குடு."

"அவங்களுக்குத் தெரியுங்களாண்ணா?"

"தெரிஞ்சு என்ன ஆவப்போவுது? காலைல ரெண்டு மணி நேரம் வருது, அம்பது ரிப்போர்ட்ல நின்னு போவுது. ஜனம் சாயங்காலம் வந்து கத்தறான். நீ பண்ணலீன்னா எதுத்த கடையில அஞ்சு நிமிசத்துல பண்ணிருவான், நீ எதுக்கு வர்ற வேலையைக் கெடுத்துக்கணும்?" பிறகு குரலைத் தணித்து, நல்லதைச் சொல்கிறவர் மாதிரி சொன்னார். "கலையரசன் டாக்டரோடதை எத்தனை நாள் ஓட்டுனோம்? ஒரு பிரச்சனை வந்துச்சா, சொல்லு?"

தனசேகரின் சாவுக்கு ரோஜா மாலையோடு வந்து, கடைசிவரை வெயிலில் நின்ற மனுஷன் இவர். அவனை இருபது நாள் ஏமாற்றியது அந்தக் கையெழுத்துத்தான் என்று அவருக்கு நிஜமாகவே தெரியாது. அந்த ஊரில் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் தெரிந்த ஒருத்தி ஒரு வருஷமாக வாயைத் திறக்கவில்லை. தேவிப்ரியாவுக்குச் சுரீரென்று கோபம் வந்தது. இத்தனை நாளில் அவளுக்கு வந்த முதல் கோபம் அது. யார் மேல் என்றால், முதலில் அவள் மேலேயேதான்.

"சாயங்காலம் வாங்கண்ணா" என்று படிவத்தை வாங்கிக்கொண்டாள்.

அவர் வண்டி திரும்பியதும் படிவத்தை ஸ்கேனரில் வைத்தாள். வெட்டவில்லை, வெள்ளையை நீக்கவில்லை. முழுப் பக்கத்தையும் அப்படியே, படிவத்தில் இருந்த டாக்டரின் நம்பருக்கு அனுப்பி, கீழே ஒரு வரி எழுதினாள்: உங்க கையெழுத்த எடுக்கச் சொல்லிக் குடுத்திருக்கறாங்க, நான் எடுக்கல, வேற எடத்துல எடுத்துருவாங்க.

அரை மணி நேரத்தில் ஜெயப்பிரியா வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது. வழியிலேயே லேபுக்குப் போன் போட்டு வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னாள். தன் பெயரில் ஒரு புகாரும் எழுதிக் கொண்டுவந்திருந்தாள். மாவட்ட சுகாதார இணை இயக்குநர் ஆபீசுக்கு.

"எனக்கு நடக்கப் பார்த்ததை நான் எழுதிட்டேன் அக்கா. ஆனா நடந்துபோனதை நீங்கதான் எழுதணும். அந்த ரெண்டு ரிப்போர்ட்டும் வெச்சு, ஃபைல் பண்ணுனது யாருங்கறதையும் எழுதணும். உங்களையும் கூப்பிட்டு விசாரிப்பாங்க. முடியாதுன்னாலும் நான் தப்பா நெனைக்க மாட்டேனுங்க."

தேவிப்ரியா நாற்காலியை மேசைக்கு இழுத்தாள். கணினி முன் உட்கார்ந்து டைப் அடித்தாள். ஊருக்கெல்லாம் அடித்துக் கொடுத்த கை, பெறுநர், பொருள், ஐயா எல்லாம் தானாக வந்தது. 'மேற்படி கையெழுத்தின் ஃபைலைத் தயாரித்தவள் நானே' என்ற வரியில் மட்டும் விரல் நின்றது. பிறகு அதையும் அடித்தாள். மூன்று நகல் எடுத்தாள்.

கையெழுத்துப் போட வேண்டிய இடம் வந்ததும்தான் அவளுக்கு உறைத்தது. ஊரில் பாதிப் பேருக்குக் கையெழுத்துச் செய்து கொடுத்தவளுக்குத் தனக்கென்று ஒன்று இல்லை. கல்யாணமான பிறகு போட்ட த. தேவிப்ரியாதான், பள்ளிக்கூட எழுத்தில். தனசேகர் போன அன்றைக்கு அதைப் போட்டது மின்மயானத்துப் பதிவேட்டில். த என்ற எழுத்து அவனுடையது.

முதல் நகலில் போட்டாள். கோடு கீழே இழுபட்டு, டைப் அடித்த பெயரின் மேலேயே போய் விழுந்தது. இரண்டாவதில் த பெரிதாகிவிட்டது. மூன்றாவதில் எழுதிக்கொண்டிருக்கும்போதே காகிதம் கலங்கித் தெரிந்தது. சொட்டு விழுந்து மை பரவியபோதுதான், தான் அழுவது அவளுக்குத் தெரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டு, பதினான்கு மாதத்தையும் சேர்த்து அழுதாள்.

"வேற காப்பி எடுத்துக்கலாமுங்களா அக்கா?" என்று டாக்டர் மெதுவாகக் கேட்டாள்.

வேண்டாம் என்று தலையசைத்தாள் தேவிப்ரியா. ஜெயப்பிரியா மூன்றையும் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றோடும் ரிப்போர்ட் நகல்களைச் சேர்த்து ஸ்டேபிள் அடித்தாள். மூன்று கையெழுத்தும் மூன்று மாதிரி இருந்தன.